இரண்டு நிரல், ஒரு சாய்கோடு

∫ x⁵ e²ˣ dx என்ற கணக்கைப் பார்த்ததும் பிளஸ் டூ மாணவர் பலர் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்கள். வழி தெரியாத கணக்கில்லை. இரண்டு சார்புகளின் பெருக்கல் வந்தால் பகுதித் தொகையிடல் என்பது எல்லோருக்கும் பாடம். ஆனால் இதை அந்த வழியில் முடிக்க ஐந்து முறை அதே வேலையைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அடைப்புக்குறி கூடும், அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கும், கீழே ஒரு 2 சேரும். மூன்றாவது முறை வரும்போது எந்தக் கழித்தல் எந்த அடைப்புக்குறிக்கு உரியது என்று எழுதியவருக்கே தெரியாது. விடைத்தாளில் ஒன்றரைப் பக்கம் போயிருக்கும்; எங்கோ ஒரு குறி மாறியிருக்கும்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை ஏழு வரியில் அடக்கும் ஒரு கட்டம் உண்டு. அது எப்படி, ஏன் வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், அதே கட்டத்தை வைத்து e ஒரு பின்னமாக இருக்க முடியாது என்று நிறுவும் இடம் வரை நடந்தே போய்விடலாம்.

பள்ளிக்கூடத்தை விட்டு வெகுநாள் ஆனவர்களுக்காக அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பகுதித் தொகையிடலின் சூத்திரம் ∫ u dv = uv − ∫ v du. பெருக்கலில் இருக்கும் இரண்டு சார்புகளில் ஒன்றை வகையிடுகிறோம், மற்றதைத் தொகையிடுகிறோம். பலனாக uv என்று ஒரு துண்டு முழுசாக வெளியே வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு இன்னொரு தொகையிடல் நிற்கிறது. அந்த மிச்சம் முதலில் இருந்ததைவிட எளிதாக இருந்தால்தான் இந்தச் சூத்திரத்தால் லாபம். x⁵-ஐ வகையிட்டால் 5x⁴. படி ஒன்று குறைகிறது. e²ˣ-ஐத் தொகையிட்டால் e²ˣ/2. ஆள் மாறவில்லை, கீழே ஒரு 2 மட்டும் சேர்ந்தது. ஆகவே முதல் சுற்று முடிந்ததும் கையில் இருப்பது இது:

x⁵ · e²ˣ/2 − ∫ 5x⁴ · e²ˣ/2 dx

இந்த மிச்சத்துக்கும் அதே வைத்தியம். ஒரு பக்கம் வகையிட்டுக்கொண்டே போகிறோம், மறுபக்கம் தொகையிட்டுக்கொண்டே போகிறோம், குறி மாறி மாறி வருகிறது. நடப்பது இவ்வளவுதான் என்றால் ஒவ்வொரு முறையும் u இன்னது, dv இன்னது என்று புதிதாக எழுதி ஏன் மெனக்கெட வேண்டும்? இரண்டு நிரலாகப் போட்டுவிடலாம்.

```
+    x⁵       e²ˣ
−    5x⁴      e²ˣ/2
+    20x³     e²ˣ/4
−    60x²     e²ˣ/8
+    120x     e²ˣ/16
−    120      e²ˣ/32
+    0        e²ˣ/64
```

நடு நிரலில் மேலிருந்து கீழே வகையிட்டுக்கொண்டு வருகிறோம், பூச்சியம் வரும் வரை. வலது நிரலில் தொகையிட்டுக்கொண்டு வருகிறோம், அதே எண்ணிக்கையில். இடப்பக்கம் கூட்டல், கழித்தல் என்று குறிகள். இனி பெருக்க வேண்டியது சாய்வாக. நடு நிரலில் ஒரு வரிசையில் இருப்பதை வலது நிரலில் அதற்கு *அடுத்த* வரிசையில் இருப்பதோடு பெருக்கி, இடப்பக்கக் குறியை முன்னால் போட வேண்டும். x⁵ சேர்வது e²ˣ/2 உடன், 5x⁴ சேர்வது e²ˣ/4 உடன். வலது நிரலின் உச்சியில் இருக்கும் e²ˣ யாரோடும் சேராமல் தனியாக நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

கிடைப்பது:

e²ˣ ( x⁵/2 − 5x⁴/4 + 20x³/8 − 60x²/16 + 120x/32 − 120/64 ) + c

பின்னங்களைச் சுருக்கி, 8-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால்:

(e²ˣ/8) ( 4x⁵ − 10x⁴ + 20x³ − 30x² + 30x − 15 ) + c

கொஞ்சம் பழகியவர்களுக்கு இந்தக் கட்டம்கூடத் தேவைப்படாது. அடைப்புக்குள் ஒவ்வோர் உறுப்பும் அதற்கு முந்தையதிலிருந்தே பிறக்கிறது: முந்தைய உறுப்பை வகையிட்டு −2 ஆல் வகுத்தால் அடுத்தது. x⁵/2 என்று தொடங்குங்கள். 5 ஆல் பெருக்கி −2 ஆல் வகுத்தால் −5x⁴/4. அதை 4 ஆல் பெருக்கி −2 ஆல் வகுத்தால் 5x³/2. இப்படியே −15/8 வரை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். ஆனால் 3x⁵ − 4x² + 7 போல உறுப்புகள் கூடும்போது கட்டம் போடுவதே நல்லது. அந்தப் பல்லுறுப்புக் கோவை முழுவதையும் உச்சியில் அப்படியே வைத்து ஒரே கட்டத்தில் முடிக்கலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் கட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; வீண் வேலை.

தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் இந்த முறை பெர்னோலியின் சூத்திரம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே கட்டமாக இல்லாமல் ஒரே வரியாக, uv − u′v₁ + u″v₂ − … என்று எழுதியிருப்பார்கள். u-வின் தலையில் ஏறும் கோடுகள் வகையிட்ட எண்ணிக்கை, v-யின் காலடியில் வரும் எண்கள் தொகையிட்ட எண்ணிக்கை. கட்டமும் அந்த வரியும் ஒன்றேதான். அமெரிக்காவில் இது சினிமாவில்கூட வந்திருக்கிறது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கார்ஃபீல்டு பள்ளியின் கணித ஆசிரியர் ஜேமி எஸ்கலாண்டேயைப் பற்றி 1988-இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ படத்தில், ஆசிரியராக நடிக்கும் எட்வர்ட் ஜேம்ஸ் ஆல்மோஸ் கரும்பலகையில் x² sin x-க்கு இந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டுவார். விறுவிறுப்பான காட்சி. ஆனால் ஏன் இப்படி வருகிறது என்பதற்குப் படத்தில் நேரமில்லை. நமக்கு இருக்கிறது.

சாய்வாகப் பெருக்கினால் வெளியே வந்துவிட்ட துண்டு. அதே வரிசையில் *நேராக*ப் பெருக்கினால்? அதுதான் இன்னும் தொகையிட வேண்டிய மிச்சம். முதல் வரிசையை நேராகப் பெருக்குங்கள்: x⁵ · e²ˣ, கணக்கே அதுதான், இன்னும் எதுவும் செய்யவில்லை, மிச்சம் முழுவதும் இருக்கிறது. ஒரு சாய்கோடு போட்டபின் இரண்டாம் வரிசையை நேராகப் பெருக்கினால் − 5x⁴ · e²ˣ/2. மேலே முதல் சுற்றுக்குப் பிறகு தொகைக் குறிக்குள் நின்றது இதேதான். ஆகவே எந்த வரிசையில் நிறுத்தினாலும் கணக்கு சரியாகவே இருக்கும், ஒரு நிபந்தனையோடு: அதுவரை போட்ட சாய்வுப் பெருக்கல்களைக் கூட்டி, நிறுத்திய வரிசையின் நேர்ப் பெருக்கலைத் தொகைக் குறிக்குள் வைத்து அவற்றோடு சேர்க்க வேண்டும். கடைசி வரிசையில் நடு நிரலில் பூச்சியம் இருப்பதால் நேர்ப் பெருக்கலும் பூச்சியம். மிச்சம் தீர்ந்தது. பல்லுறுப்புக் கோவையை விடாமல் வகையிட்டால் என்றாவது ஒருநாள் பூச்சியமாகியே தீரும் என்பதுதான் இந்தக் குறுக்குவழியின் உயிர். ஐந்தாம் படிக்கு ஆறு முறை வகையிட்டால் போதும், இருபதாம் படிக்கு இருபத்தொரு முறை.

x⁵ log x-ஐ இதே வேகத்தில் கட்டத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். x⁵ வகையிடும் நிரலில் இருந்தால் log x-ஐத் திரும்பத் திரும்பத் தொகையிட வேண்டும். வரிக்கு வரி அது அசிங்கமாகிக்கொண்டே போகும். இடம் மாற்றி log x-ஐ வகையிட்டால் 1/x, −1/x² என்று ஓடும், பூச்சியம் வரவே வராது. ஆனால் இரண்டாம் வரிசையில் நேராகப் பார்த்தால் (1/x) · (x⁶/6), அதாவது x⁵/6. அது சர்வ சாதாரணமான தொகை. அங்கேயே நிறுத்தி, மிச்சத்தைத் தொகையிட்டால் முடிந்தது. பூச்சியத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு இது தட்டுப்படாது.

தவறுகள் எங்கே வரும் என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடம். ஒன்று, சாய்வாகப் பெருக்குவதற்குப் பதில் நேராகப் பெருக்கிவிடுவது. இரண்டு, நடு நிரலில் 120 என்ற மாறிலி வந்ததும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவது. அதற்கும் ஒரு சாய்கோடு உண்டு, அதை விட்டால் −15/8 காணாமல் போகும். மூன்றாவது, e⁻ˣ. இதில் வலது நிரலிலேயே குறி மாறி மாறி வரும்: −e⁻ˣ, +e⁻ˣ, −e⁻ˣ. இடப்பக்கமும் கூட்டல், கழித்தல் என்று மாறுகிறது. இரண்டும் மோதி, விடையில் எல்லா உறுப்புக்கும் கழித்தல் குறியே வரும். ∫ x³ e⁻ˣ dx-இன் விடை −e⁻ˣ ( x³ + 3x² + 6x + 6 ) + c. நேர்க்கெழு உள்ள ஒரே உறுப்பையும் e⁻ˣ-ஐயும் பெருக்கிய கணக்கில் அடைப்புக்குள் குறி மாறி மாறி வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

விடையை முழுசாக வகையிட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அவசரத்துக்கு ஒரு சின்னச் சோதனையும் உண்டு: அடைப்புக்குள் இருக்கும் கோவையின் கடைசி இரண்டு கெழுக்கள். நம் விடையில் அவை 15x/4, −15/8. மாறிலியை 2 ஆல் பெருக்கி, x-இன் கெழுவோடு கூட்டினால் −15/4 + 15/4 = 0. மூலக் கணக்கில் x⁵ மட்டும்தான் இருந்தது, மாறிலி உறுப்பு இல்லை. ஆகவே பூச்சியம் வந்தது சரி. கடைசிச் சாய்கோட்டை விட்டிருந்தாலோ அங்கே குறி மாறியிருந்தாலோ இங்கே மாட்டிக்கொள்ளும். எல்லைகள் கொடுத்த கணக்கென்றால் பரப்பை மதிப்பிட்டுப் பார்க்கலாம். x 0-இலிருந்து 1 வரை போகும்போது நம் தொகை (15 − e²)/8, ஏறக்குறைய 0.951. அந்த இடைவெளியில் e²ˣ-இன் மதிப்பு 1-க்கும் e²-க்கும் நடுவில்தான் இருக்கும். X⁵-இன் தொகை 1/6. ஆகவே விடை 0.167-க்கும் 1.23-க்கும் நடுவில் விழ வேண்டும். விழுந்திருக்கிறது.

இனிமேல்தான் சுவாரசியம். படியைக் கூட்டிப் பார்ப்போம். ∫ x¹⁰ eˣ dx, 0-இலிருந்து 1 வரை. வலது நிரலில் eˣ மாறவே மாறாது, சுகமான கட்டம். நடு நிரலின் கெழுக்கள் 1, 10, 90, 720, 5040 என்று ஏறி, கடைசி இரண்டு வரிசையிலும் 36,28,800-இல் போய் நிற்கும். அது 10!. x-க்கு 1 போட்டுக் குறி மாற்றி மாற்றிக் கூட்டினால் 13,34,961. x-க்கு 0 போட்டால் கடைசி மாறிலி மட்டும் மிஞ்சும், 36,28,800. ஆகவே விடை:

13,34,961 e − 36,28,800

பிசிறே இல்லாத துல்லியமான விடை. பரீட்சையில் இதோடு நிறுத்தினால் முழு மதிப்பெண். ஆனால் எண்ணாக எவ்வளவு என்று கேட்டால்? பள்ளிப் பழக்கத்தில் e = 2.718 என்று போட்டுப் பெருக்குங்கள். 36,28,423.998 வருகிறது. கழித்தால் −376. 0-க்கும் 1-க்கும் நடுவில் எங்கும் எதிர்க்குறியே இல்லாத ஒரு வளைகோட்டின் கீழ்ப் பரப்பு, −376! இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து 2.71828 என்று போட்டால் −2.2. ஆறு தசம இடத்துக்கு முழுமையாக்கி 2.718282 என்று போட்டால் 0.457, இப்போது குறியாவது சரியாகிவிட்டது, ஆனால் மதிப்பு இரண்டு மடங்கு. உண்மையான விடை 0.228.

கட்டம் பொய் சொல்லவில்லை. முப்பத்தாறு லட்சத்தை ஒட்டிய இரண்டு எண்களைக் கழித்துக் கால்வாசியைத் தேடுகிறோம். E-யில் உள்ள கடுகளவு பிழையும் 13 லட்சம் மடங்காகப் பெருகி விடையை விழுங்கிவிடுகிறது. படி 20 என்றால் கம்ப்யூட்டரும் கைவிட்டுவிடும். 20! என்பது 19 இலக்க எண். வழக்கமான இரட்டைத் துல்லியக் கணக்கில் ஏறத்தாழ 16 இலக்கம்தான் நிற்கும். அந்த அளவு பெரிய எண்களுக்கிடையே கம்ப்யூட்டர் குறித்துவைக்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளியே 512. உண்மையான விடை 0.1238; அது சொல்லக்கூடியது 0 அல்லது 512-இன் ஏதோ ஒரு மடங்கு. எண்தான் வேண்டும் என்றால் இந்த இடத்தில் கட்டத்தை மூடிவைத்துவிட்டு, eˣ-ஐ 1 + x + x²/2 + … என்று விரித்து உறுப்பு உறுப்பாகத் தொகையிடுவதே வழி. 1/11 + 1/12 + 1/26 + 1/84 என்று தொடங்கும் அந்தக் கூட்டலில் எல்லாமே கூட்டல். கழிபடுவதற்கு எதுவும் இல்லை. இந்த நாலு உறுப்பிலேயே 0.2246 வந்துவிடும்.

எண் தேடுகிறவருக்கு எரிச்சலூட்டும் இந்தக் கழிபாடு, நிரூபணம் தேடுகிறவருக்குப் புதையல். எந்தப் படி n-க்கும் கட்டம் தருவது ஒரே வடிவம்: ஒரு முழு எண்ணை e ஆல் பெருக்கி n! உடன் கழித்தது. n = 5 என்றால் 120 − 44e, ஏறக்குறைய 0.396. n = 10 என்றால் மேலே பார்த்தது. கட்டத்தில் உள்ள கெழுக்கள் எல்லாம் முழு எண்கள் என்பதால் வேறு எதுவும் வர வழியில்லை. அதேசமயம் இது ஒரு பரப்பு. பூச்சியத்தைவிடப் பெரியது, e/(n + 1)-ஐவிடச் சிறியது. n ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒருபோதும் பூச்சியம் ஆகாது.

இப்போது e ஒரு பின்னம், p/q என்று வைத்துக்கொள்வோம். பரப்பை q ஆல் பெருக்குங்கள். e இருந்த இடத்தில் q கழிபட்டுப் போவதால் மிஞ்சுவது முழு எண்களைப் பெருக்கிக் கழித்தது மட்டும். அதாவது அதுவும் ஒரு முழு எண். பூச்சியத்தைவிடப் பெரியது என்பதால் குறைந்தது 1 ஆவது இருக்க வேண்டும். ஆனால் அது qe/(n + 1)-ஐவிடச் சிறியது. N-ஐ வேண்டிய அளவு பெரிதாக எடுத்தால் 1-க்குக் கீழே இறங்கிவிடும். 0-க்கும் 1-க்கும் நடுவில் முழு எண் ஏது? e பின்னமல்ல, விகிதமுறா எண். ஆய்லர் 1737-இல் வேறு வழியில், தொடர் பின்னம் கொண்டு இதைக் காட்டினார். நாம் வந்தது பிளஸ் ஒன் கட்டத்தோடு.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஷார்ல் ஹெர்மீட் 1873-இல் இதே பாதையில் இன்னும் வெகுதூரம் போனார். e⁻ˣ-ஐயும் ஏதோ ஒரு பல்லுறுப்புக் கோவை f-ஐயும் பெருக்கிக் கட்டம் போட்டால் விடை −e⁻ˣ ( f + f′ + f″ + … ). குறி மாறாமல், வகையீடுகள் அப்படியே கூடி நிற்கும். X³-க்கு மேலே பார்த்தது இதன் ஒரு சின்ன உதாரணம். x¹⁰ போன்ற எளிய ஒன்றை வைக்காமல், 0-இலும் 1, 2, 3 என்று பல முழு எண்களிலும் பூச்சியமாகும்படி f-ஐத் திட்டமிட்டு அமைத்தால் என்ன கிடைக்கும்? முழு எண் கெழு கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் e தீர்வாக முடியாது என்பது கிடைக்கும். e விஞ்சிய எண். இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் வடிவம் பின்னால் வந்தவர்கள் எளிமையாக்கியது. ஆனாலும் அதன் முதுகெலும்பு அந்த ஒரு வரிதான்.

வலது நிரலில் e-க்குப் பதில் sin x-ஐ வைத்தால் −cos x, −sin x, cos x என்று சுற்றி நாலாவது முறை sin x-க்கே திரும்பிவரும். விடையில் f − f″ + f⁗ − … என்று ஒன்றுவிட்டு ஒன்று வரிசை கட்டும். 1947-இல் ஐவன் நிவென் அந்த வரிசையை எடுத்துக்கொண்டு, π விகிதமுறா எண் என்பதை ஒரே பக்கத்தில் நிறுவி அச்சிட்டார்.